ஒத்திகையில் வந்த ஏழாயிரம் வரிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நானும் என் மச்சானும் சேர்ந்து எழுதிய நிரல் ஒன்று, சுங்கை சிப்புட்டில் என் வீட்டு மாடியறையில் இருக்கும் பழைய கணினியில் ஓடுகிறது. கச்சா செம்பனை எண்ணெய் முன்பேர ஒப்பந்தத்தை, அதாவது புர்சா மலேசியாவில் எல்லாரும் எஃப்சிபிஓ என்று சொல்வதை, அது வாங்கி விற்கும். அளவு சிறியது, அதிகம் போனால் இரண்டு லாட். பணம் எங்கள் இருவருடையது. மச்சான் ஈப்போவில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. நிரலில் ஒரு வரி மாறினாலும் முதலில் ஒத்திகை முறையில், அதுதான் ட்ரை ரன், ஒரு முழு வர்த்தக நாள் ஓட வேண்டும். ஒத்திகையில் நிரல் சந்தை விலையை நிஜமாகவே வாங்கும், கணக்கு போடும், முடிவு எடுக்கும். ஆனால் ஆர்டரை அனுப்பாது. "இதை அனுப்பியிருப்பேன்" என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். முன்பு ஒருமுறை கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி விழுந்து, வாங்க வேண்டியதை விற்று, 900 வெள்ளி போனது. அன்று போட்ட விதி இது.

இந்த ஆய்வு அந்த விதி எங்களைக் காப்பாற்றியதைப் பற்றி அல்ல. விதியை அப்படியே கடைப்பிடித்தும், ஒத்திகை கண்ணெதிரே காட்டியதை நான் எப்படி மூடி மறைத்தேன் என்பதைப் பற்றியது.

என்ன மாற்றினோம்

எஃப்சிபிஓவில் ஒரு லாட் 25 டன். விலை டன்னுக்கு ஒரு வெள்ளி ஏறினால் லாட்டுக்கு 25 வெள்ளி. விலை 4,100 என்றால் ஒரே லாட்டின் மதிப்பு 1,02,500 வெள்ளி. நாம் கட்டுவது அதில் ஒரு பகுதியான முன்பணம்தான் என்றாலும், கையில் இருப்பது லட்சத்துக்கு மேற்பட்ட சரக்கு என்பதை மறக்கக்கூடாது.

ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. மாதத்தின் 15ஆம் தேதி மதியத்தோடு அந்த மாத ஒப்பந்தம் முடியும். அன்று சந்தை இல்லையென்றால் அதற்கு முந்தின வேலை நாளில் முடியும். முடிந்த பிறகும் கையில் வைத்திருப்பவர் நிஜ எண்ணெயைக் கொடுக்கவோ வாங்கவோ வேண்டியிருக்கும். அதனால் பெரும்பாலோர் நடப்பு மாதத்தில் நிற்பதில்லை. கூட்டம் எப்போதும் மூன்றாவது மாதத்தில்தான். ஜூலை முதல் பாதியில் மூன்றாவது மாதம் செப்டம்பர். ஜூலை ஒப்பந்தம் முடிந்ததும் ஆகஸ்ட் முதல் இடத்துக்கு வரும், மூன்றாவது இடம் அக்டோபருக்குப் போகும். நாமும் செப்டம்பரை விற்று அக்டோபரை வாங்கி, கூட்டத்தோடு நகர வேண்டும். இதைத்தான் ரோல் என்பார்கள்.

இதுவரை ரோலை நான் கையால் செய்துவந்தேன். மாதத்தில் ஒருநாள், ஐந்து நிமிட வேலை. ஆனால் ஜூன் மாதம் அந்த நாளில் நான் பள்ளி ஆய்வகத்தில் மாட்டிக்கொண்டேன். மாலை வந்து பார்த்தபோது இரண்டு மாதங்களின் விலை இடைவெளி நமக்குப் பாதகமாகப் போயிருந்தது. சரி, இதையும் நிரலே செய்யட்டும் என்று முடிவு செய்தோம். எழுதியது இருபது வரிதான். ரோல் நாள் வந்துவிட்டதா, பழைய மாதத்தில் இருப்பு உள்ளதா என்று பார். இருந்தால் அதே அளவு பழையதை விற்று, புதியதை வாங்கு. நிரல் இந்தச் சோதனையை இரண்டு விநாடிக்கு ஒருமுறை செய்யும்.

ஒத்திகைக்கான பொத்தான் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். ஆரம்பத்தில் அதை முடிவெடுக்கும் பகுதியின் தலையிலேயே வைத்திருந்தோம். ஒத்திகை என்றால் விலையைத் திருத்துவது, லாட் அளவைச் சரிபார்ப்பது, தினசரி வரம்பைப் பார்ப்பது எதுவுமே ஓடாது. ஒத்திகை பார்க்க வேண்டிய இடங்களையே ஒத்திகை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அதைக் கடைசி வாசலுக்கு நகர்த்தினோம்.

```python
def send(order):
    log_intent(order)
    if not LIVE:
        return None
    return broker.place(order)
```

இதற்கு மேலே உள்ள எல்லாம் இரண்டு முறையிலும் ஒன்றுதான். பதிவு எழுதுவது பொத்தானுக்கு முன்னால் நிற்பதையும் கவனியுங்கள். நிஜத்தில் ஓடும்போதும் அதே வடிவத்தில் பதிவு விழும், ஆகவே ஒத்திகைப் பதிவையும் நிஜப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். `LIVE` என்பதை வெளியிலிருந்து வேண்டுமென்றே கொடுத்தால்தான் உண்டு. மறந்துபோனால் ஒத்திகையாகவே ஓடும்.

செவ்வாய்க்கிழமை காலை

ரோல் நாள் 14ஆம் தேதி. அதுவரை காத்திருக்க முடியாது என்பதால், அமைப்புக் கோப்பில் ரோல் நாளை அன்றைய தேதியாக மாற்றிவைத்து ஒத்திகையை ஓடவிட்டேன். கணக்கில் நிஜமாகவே செப்டம்பர் இரண்டு லாட் வாங்கிய நிலையில் இருந்தது. காலைச் சந்தை 10:30க்குத் திறக்கும், 12:30க்கு மூடும். மதியம் இடைவேளையில் கோப்பைத் திறந்தேன். முதல் சில வரிகள் இப்படி:

```
10:31:04 DRY pos=+2  SELL 2 FCPO-SEP @4118
10:31:04 DRY pos=+2  BUY  2 FCPO-OCT @4131
10:31:06 DRY pos=+2  SELL 2 FCPO-SEP @4118
10:31:06 DRY pos=+2  BUY  2 FCPO-OCT @4131
10:31:08 DRY pos=+2  SELL 2 FCPO-SEP @4117
```

இப்படியே கீழே, கீழே, கீழே. இரண்டு விநாடிக்கு இரண்டு வரி என்று மதியத்துக்குள் ஏழாயிரத்துக்கு மேல்.

நான் துளியும் பதறவில்லை. காரணம் பளிச்சென்று தெரிந்தது. ஒத்திகையில் ஆர்டர் போவதில்லை. போகாததால் செப்டம்பர் இருப்பு இரண்டாகவே நிற்கிறது. நிற்பதால் நிரல் "இன்னும் விற்கவில்லையே" என்று மறுபடி எழுதுகிறது. ஒத்திகையின் இயல்பு இது, நிஜத்தில் முதல் ஆர்டர் நிரம்பியதும், அதாவது எதிரில் ஆள் கிடைத்து வியாபாரம் முடிந்ததும், இருப்பு பூஜ்யமாகும், நின்றுவிடும். இந்த விளக்கத்தில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதுதான் ஆபத்து.

ஏழாயிரம் வரிக்குள் வேறு எதையும் பார்க்க முடியவில்லை என்பதால், அதே மாதம், அதே திசை, அதே அளவு ஆர்டர் முன்பே பதிவாகியிருந்தால் பதியாதே என்று `log_intent` உள்ளே ஒரு சோதனை சேர்த்தேன். மதியச் சந்தையிலும் இரவுச் சந்தையிலும் ஓடவிட்டேன். கோப்பு அழகாக வந்தது. ஒரு விற்பனை, ஒரு கொள்முதல், சரியான மாதம், சரியான அளவு, நியாயமான விலை. "ஒத்திகை முடிந்தது, 14ஆம் தேதி நிஜத்தில் விடலாம்" என்று மச்சானுக்குச் செய்தி அனுப்பினேன்.

ஒட்டுக்கடையில் வந்த கேள்வி

ஞாயிறு காலை மச்சான் வந்தான். டவுனில் எங்கள் வழக்கமான ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தோசை சொல்லிவிட்டு, கோப்பைக் கைப்பேசியில் காட்டினேன். அவன் அதை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தான். இருப்பதே இரண்டு வரி.

"மச்சான், ரெண்டு முப்பத்தொண்ணு நாலு செகண்டுக்கு ஒரு ஜோடி இருக்கு. ஆறாவது செகண்டுல ஏன் ஒண்ணுமே இல்ல?"

"அது திரும்பத் திரும்ப வந்துச்சுடா. ஒத்திகைல பொசிஷன் மாறாதுல்ல, அதான். நான் வடிகட்டிட்டேன்."

"சரி, லைவ்ல போடுறப்ப ஆறாவது செகண்டுல எது அத நிறுத்தும்?"

"ஃபில் ஆனா பொசிஷன் ஜீரோ ஆயிரும்."

"ஆறாவது செகண்டுக்குள்ள ஆயிருமா?"

தோசை வந்தது. நான் சாப்பிடவில்லை. தரகரிடமிருந்து இருப்பை எங்கள் நிரல் எத்தனை விநாடிக்கு ஒருமுறை கேட்கிறது என்பது எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. பத்து விநாடி. அடிக்கடி கேட்டால் தரகர் பக்கம் தடுத்துவிடுகிறார்கள் என்று நானே வைத்த எண் அது.

சோதனை இரண்டு விநாடிக்கு ஒருமுறை, இருப்பு புதுப்பிப்பு பத்து விநாடிக்கு ஒருமுறை. அப்படியானால் ஒரு புதுப்பிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் நிரல் ஐந்து முறை அதே பழைய இருப்பைப் பார்த்து அதே ஆர்டரை அனுப்பும். ஒத்திகையில் நாள் முழுக்க நடந்தது நிஜத்தில் பத்து விநாடி நடக்கும். ஒத்திகை பொய் சொல்லவில்லை, நீட்டிச் சொன்னது.

கடையிலேயே காகிதத்தில் கணக்கு போட்டோம். அனுப்பியதெல்லாம் உடனே நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பரில் +2 இருக்கிறது. ஐந்து முறை இரண்டு விற்றால் 10. இருப்பு −8 ஆகும். பத்தாவது விநாடியில் நிரல் −8ஐப் பார்க்கும். பழைய மாதத்தில் எதுவும் இருக்கக்கூடாது என்பதுதான் அதன் விதி, ஆகவே எட்டை வாங்கும், அதையும் ஐந்து முறை. 40 வாங்கியதும் இருப்பு +32. அடுத்த பத்து விநாடியில் 160 விற்று −128. ஒவ்வொரு சுற்றிலும் தவறு நான்கு மடங்காகித் திசை மாறுகிறது. அரை நிமிடத்தில் இரண்டு லாட் ஆசாமிகள் 128 லாட் விற்றிருப்பார்கள். விலை 4,100 என்றால் 1 கோடியே 31 லட்சம் வெள்ளி எண்ணெய்.

"மார்ஜின் பத்தாதுடா, தரகரே தடுத்துருவான்," என்றேன்.

"எப்ப தடுப்பான்? அந்தப் பக்கம் அக்டோபர்லயும் எதிர்த் திசைல இதே ஆட்டம் ஆடிக்கிட்டு இருக்கும். ரெண்டு மாசம் எதிரெதிரா இருந்தா முன்பணம் கம்மியாத்தான் கேப்பான்."

உண்மை. செப்டம்பரில் விற்ற நிலையும் அக்டோபரில் வாங்கிய நிலையும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால், தனியாக ஒன்றை வைத்திருப்பதைவிடக் குறைந்த முன்பணம் போதும். நமக்கு உதவியாக வைத்த சலுகை இங்கே பிரேக் பிடிப்பதைத் தாமதப்படுத்தும்.

முதல் திருத்தம், அதன் ஓட்டை

வீட்டுக்கு வந்ததும் வழக்கமான மருந்தைப் போட்டோம். அனுப்பிய, இன்னும் முடிவு தெரியாத ஆர்டர்களை ஒரு பட்டியலில் வைப்பது. இருப்பைப் பார்க்கும்போது அதையும் சேர்த்துப் பார்ப்பது.

```python
qty = position("SEP") + pending("SEP")
if roll_day() and qty != 0:
    roll(qty)
```

இரண்டு விற்க அனுப்பியிருந்தால் `pending` −2. இருப்பு +2. கூட்டினால் பூஜ்யம், மறுபடி அனுப்பாது. ஒத்திகையிலும் இந்தப் பட்டியலில் எழுதும்படி செய்தோம். கூடவே நான் சேர்த்த வடிகட்டியைத் தூக்கி எறிந்தேன். ஓடவிட்டதும் கோப்பில் இரண்டே வரி, இம்முறை வடிகட்டாமலே.

எங்கள் அப்பா பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். ஓய்வு பெறும்வரை தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். என்ன இவ்வளவு நேரம் என்று கேட்டார். விளக்கினோம். "குலைய எண்ணுனா காம்புல கோடு போடணும்யா," என்றார். "போடலன்னா, பின்னாடி வர்றவன் திரும்ப எண்ணுவான். அது சரி, கோட்ட எப்ப அழிப்பீங்க?"

அவர் சும்மா கேட்டாரா, புரிந்து கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஓட்டை அங்கேதான் இருந்தது.

பட்டியலிலிருந்து ஓர் ஆர்டரை எப்போது நீக்குகிறோம்? தரகரிடமிருந்து "நிரம்பியது" என்ற செய்தி வந்ததும். அந்தச் செய்தி ஓரிரு விநாடியில் வந்துவிடும். ஆனால் இருப்பு எண் பத்து விநாடிக்கு ஒருமுறைதான் மாறும். இடைப்பட்ட நேரத்தில் பட்டியல் காலி, இருப்பு இன்னும் +2. நிரல் மறுபடி விற்கும். வெறும் ஒத்திகையில் இது ஒருநாளும் தெரியாது, ஏனென்றால் அங்கே "நிரம்பியது" என்ற செய்தியே வருவதில்லை. பட்டியலில் ஏறியது ஏறியபடியே இருக்கும். கோப்பு சுத்தமாக வந்தது திருத்தம் சரி என்பதால் அல்ல, ஒத்திகையில் பதில் சொல்ல ஆளில்லை என்பதால்.

ஆகவே ஒரு போலித் தரகரை எழுதினோம், முப்பது வரி. `broker.place` போகும் இடத்தில் அது நிற்கும். ஆர்டரை வாங்கிக்கொண்டு, நாம் சொல்லும் விநாடி கழித்து "நிரம்பியது" என்று சொல்லும். இருப்பைப் பத்து விநாடிக்கு ஒருமுறை மட்டும் மாற்றிக் காட்டும். நிரம்பும் தாமதத்தை மூன்று விநாடி என்று வைத்து ஓட்டியதும், விற்பனைப் பக்கம் இப்படி வந்தது (தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடிகள் இவை):

```
t=00 pos=+2 pend= 0  SELL 2 FCPO-SEP
t=04 pos=+2 pend= 0  SELL 2 FCPO-SEP
t=08 pos=+2 pend= 0  SELL 2 FCPO-SEP
t=10 pos=-2 pend=-2  BUY  4 FCPO-SEP
```

ஐந்து மூன்றாகக் குறைந்திருந்தது, அவ்வளவுதான். கடைசி வரியைப் பாருங்கள்: இரண்டு முறை நிரம்பியது இருப்பில் தெரிகிறது, மூன்றாவது பட்டியலில் நிற்கிறது, இரண்டையும் சேர்த்து −4 என்று கணக்கிட்டு நான்கை வாங்கப் பார்க்கிறது. நோய் அதேதான், வேகம் மட்டும் குறைவு.

சரியான வழி, இருப்பை நாமே வைத்துக்கொள்வது. "நிரம்பியது" என்ற செய்தி வந்த அதே கணத்தில் பட்டியலிலிருந்து எடுத்து நம் இருப்பில் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே அடியில் நடக்க வேண்டும், நடுவில் சோதனை நுழைய இடம் இருக்கக்கூடாது. தரகர் பத்து விநாடிக்கு ஒருமுறை தரும் எண்ணை முடிவெடுக்கப் பயன்படுத்தக் கூடாது. நம் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க மட்டும்தான். மூன்று புதுப்பிப்பு தொடர்ந்து ஒத்துப்போகாவிட்டால் நிரல் எதையும் அனுப்பாமல் நின்று என் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். இப்படி மாற்றியபின் நிரம்பும் தாமதத்தைப் பூஜ்யம், மூன்று, பன்னிரண்டு விநாடி என்று மூன்று விதமாக வைத்து ஓட்டினோம். மூன்றிலும் ஒரு விற்பனை, ஒரு கொள்முதல்.

இதற்கு மேல், ஒரே நாளில் எத்தனை லாட் அனுப்பலாம் என்ற வரம்பை `send` உள்ளேயே, பொத்தானுக்கு முன்னால் வைத்தோம்: எட்டு. இதிலும் ஒரு தடுமாற்றம் வந்தது. திங்கள் முதல் வியாழன் வரை இரவு 9 மணி முதல் 11:30 வரை எஃப்சிபிஓவுக்கு இரவுச் சந்தை உண்டு. அதில் நடக்கும் வியாபாரம் மறுநாள் கணக்கில் சேரும். எங்கள் எண்ணியோ நள்ளிரவில்தான் பூஜ்யமாகிக்கொண்டிருந்தது. பகலில் மட்டும் ஒத்திகை பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. ஒரு முழு வர்த்தக நாள் என்றால் எங்களுக்கு இப்போது முந்தின இரவு 9 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணிக்கு முடிவது.

நைட் கேபிடல்

அன்று மாலை மச்சான் இதைப் பற்றிப் பேச்செடுத்தான். நிரம்பியதை எண்ணாத நிரல் என்ன செய்யும் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் இருக்கிறது. 2012 ஜூலை இறுதியில் அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற நிறுவனம் தன் எட்டு சர்வர்களில் ஏழில் புதிய நிரலை ஏற்றியது; ஒன்றில் ஏற்றாமல் விட்டது. புதிய நிரல் பயன்படுத்திய ஓர் அடையாளக் கொடி, பல வருடமாகப் பயன்பாட்டில் இல்லாத பழைய நிரல் ஒன்றுக்கும் சொந்தமாக இருந்தது. ஆகஸ்ட் 1 அன்று அந்த எட்டாவது சர்வரில் பழையது விழித்துக்கொண்டது. பெரிய ஆர்டர் நிரம்பிவிட்டதா என்று எண்ணும் பகுதியை முன்பே வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதனால் பழைய நிரலுக்குத் தான் எவ்வளவு வாங்கினோம் என்பதே தெரியவில்லை, அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடத்தில் 154 பங்குகளில் 40 லட்சம் வியாபாரம், 46 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

பெரிய நிறுவனம், சிறிய மாடியறை என்ற வித்தியாசம் தவிர, எங்கள் இருபது வரியும் அதே குடும்பம்தான். ஆனால் நான் அதில் கவனித்தது வேறு. ஏழு சர்வர்களில் எதில் ஒத்திகை பார்த்திருந்தாலும் எல்லாம் சரியாக வந்திருக்கும். தவறு ஒத்திகை பார்க்கும் நிரலில் இல்லை, ஏற்றாமல் விட்ட இடத்தில் இருந்தது. நான் ஒத்திகையை மடிக்கணினியில் ஓட்டுகிறேன், நிஜம் மாடியில் உள்ள பழைய கணினியில் ஓடுகிறது. அங்கே எந்தப் பதிப்பு இருக்கிறது என்று நான் நினைவில் மட்டுமே வைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு பதிவுக் கோப்பின் முதல் வரியிலும் `git rev-parse --short HEAD` தரும் எண்ணும், எந்தக் கணினி என்பதும், அமைப்புக் கோப்பில் கைவைத்திருந்தால் அந்த மாற்றமும் விழும். நான் அன்று ரோல் நாளை மாற்றிவைத்தேனே, அதைத் திருப்பி வைக்க மறந்து மாடிக் கணினியில் ஏற்றியிருந்தால், ஏற்றிய நாளே நிஜத்தில் ரோல் நடந்திருக்கும். அதைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

பழைய பதிவோடு ஒப்பிடுவது

ஒத்திகைக் கோப்பை வெறும் கண்ணால் படித்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்வதை இந்த நிகழ்வுக்குப் பிறகு விட்டுவிட்டோம். கண் பார்க்க விரும்புவதைத்தான் பார்க்கிறது. அதற்குப் பதில், ஐந்து நாட்களின் விலைப் பதிவைச் சேமித்து வைத்து, பழைய நிரலையும் புதிய நிரலையும் அதே பதிவில் ஓட்டி, இரண்டு ஆர்டர் பட்டியலையும் ஒப்பிடுகிறோம்.

```
diff old_intents.txt new_intents.txt
```

ஓட்டும் முன்னால் எழுதிவைக்க வேண்டிய ஒன்று உண்டு: இந்த மாற்றத்தால் எந்த வரிகள் மாறும் என்று நினைக்கிறோம்? ரோல் மாற்றத்துக்கு எங்கள் கணிப்பு, ரோல் நாளில் இரண்டு வரி கூடும், மற்ற நாட்களில் ஒன்றும் மாறாது என்பது. நிரலுக்குள் பெயர் மாற்றுவது போன்ற வேலையென்றால் கணிப்பு காலி. ஒரு வரி வந்தாலும் நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். ஆர்டர் அடையாள எண், கணினி நேரம் போன்றவை ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் ஒப்பிடும் கோப்பில் அவற்றைச் சேர்ப்பதில்லை. விலைப் பதிவில் உள்ள நேரத்தை மட்டும் எழுதுகிறோம். சேமிக்கும் ஐந்து நாட்களில் மாதத்தின் 10ஆம் தேதி வாக்கில் வரும் ஒரு நாளை வேண்டுமென்றே சேர்ப்போம். மலேசிய செம்பனை வாரியம் கையிருப்புப் புள்ளிவிவரத்தை வெளியிடும் நாள் அது. மதிய இடைவேளையில் எண் வரும், 2:30க்குச் சந்தை திறக்கும்போது விலை குதிக்கும். அமைதியான நாட்களில் ஒரே மாதிரி நடக்கும் இரண்டு நிரல்கள் அந்த ஒரு நாளில் பிரிந்துபோவதைப் பார்த்திருக்கிறோம்.

14ஆம் தேதி

இவ்வளவுக்குப் பிறகும் போலித் தரகர் சொல்ல முடியாதவை இருந்தன. செப்டம்பர் விற்று அக்டோபர் நிரம்பாமல் போனால் என்ன ஆகும்? நம் வரம்பு விலைக்கு எதிரில் ஆள் இருப்பாரா? இரண்டில் ஒரு லாட் மட்டும் நிரம்பினால்? போலித் தரகரைப் பாதி நிரப்பச் சொல்லலாம், சொன்னோம். நிரல் தப்பு செய்யவில்லை என்று மட்டும் தெரிந்தது. சந்தை பாதி நிரப்புமா என்பதை அது சொல்லாது.

ஆகவே அன்று நிரலிடம் ஒரு லாட்டை மட்டும் ஒப்படைத்தோம், இன்னொன்றை நான் கையால் மாற்றுவது என்று. பள்ளியில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மச்சான் ஈப்போவிலிருந்து தொலைபேசியில். மாடிக் கணினியிலேயே இன்னொரு பிரதி ஒத்திகை முறையில் கூடவே ஓடியது.

```
10:31:02 DRY  SELL 1 FCPO-SEP @4096
10:31:02 LIVE SELL 1 FCPO-SEP @4096
10:31:02 DRY  BUY  1 FCPO-OCT @4108
10:31:02 LIVE BUY  1 FCPO-OCT @4108
10:31:04 FILL SELL 1 FCPO-SEP @4096
10:31:19 FILL BUY  1 FCPO-OCT @4108
```

அக்டோபர் நிரம்ப 17 விநாடி ஆனது. அந்த 17 விநாடியில் நிரல் எட்டு முறை சோதனை செய்தது, எட்டு முறையும் ஒன்றும் அனுப்பவில்லை.

"வந்துச்சா?" என்றான் மச்சான்.

"ஒண்ணுதான் வந்துச்சு."

என் பங்கு லாட்டைக் கையால் மாற்றினேன். நான் தட்டுவதற்குள் அக்டோபர் ஒரு வெள்ளி ஏறியிருந்தது. 25 வெள்ளி கூடக் கொடுத்து வாங்கினேன்.